பாட்டிலில் கடலை எவ்வளவு? பீனட் பட்டர் வாங்குவதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

'வெறும் கடலை மட்டும்' என்று எழுதிய பீனட் பட்டரை நான் முதன்முதலில் வாங்கியபோது, மூடியைத் திறந்ததும் மேலே ஒரு விரல் உயரத்துக்கு எண்ணெய் நின்றது. கெட்டுப்போனது என்று நினைத்து, அந்த எண்ணெயை அப்படியே சிங்கில் வடித்துவிட்டேன். அடியில் மிச்சமிருந்தது களிமண் மாதிரி இறுகிக் கிடந்தது. ரொட்டியில் தடவப் போனால் ரொட்டிதான் கிழிந்தது. ஒரு கிலோ பாட்டில் அது. கடைசியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி, சட்னியில் போட்டு அரைத்துத்தான் காலி செய்தோம்.

வடித்துக் கொட்டியது கடலையின் சொந்த எண்ணெய் என்பது பிறகுதான் தெரிந்தது. எண்ணெயே பிரியாமல், மேலிருந்து அடிவரை ஒரே பதமாக வழவழவென்று இருந்த பாட்டில்களை அதுவரை நல்லது என்று வாங்கிக்கொண்டிருந்தேன். அவை அப்படி இருப்பதற்கு வேறு காரணம் உண்டு. அதைத் தெரிந்துகொள்ள பாட்டிலின் பின்பக்கத்தில் நான்கு இடங்களைப் பார்த்து, ஒரு சின்னக் கணக்குப் போட்டால் போதும். கடையில் நின்றபடியே இரண்டு நிமிடத்தில் முடித்துவிடலாம்.

முதல் படி: பொருட்கள் வரியைப் படிப்பது

முன்பக்கத்தில் இருக்கும் 'நேச்சுரல்', 'கிளாசிக்', 'ஃபிட்னஸ்' போன்ற சொற்களை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். பாட்டிலைத் திருப்பி, 'இன்கிரீடியன்ட்ஸ்' என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள். இந்தியாவில் விற்கும் பாக்கெட் உணவு எல்லாவற்றிலும், எடையில் அதிகமாக இருப்பதை முதலிலும் குறைவாக இருப்பதைக் கடைசியிலும் எழுத வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. இன்னொரு விதி நமக்கு இதைவிட உதவும். ஒரு பொருளைப் பெயரிலோ படத்திலோ முன்னிறுத்தி விற்றால், அது எத்தனை சதவீதம் இருக்கிறது என்பதையும் எழுத வேண்டும். கடலைப் படம் போட்ட பாட்டிலில் 'ரோஸ்டட் பீனட்ஸ்' என்பதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண் அதுதான்.

அந்த எண் 100 என்றால் வேலை பாதி முடிந்தது. உப்பு மட்டும் சேர்த்தது 99 என்று வரும், அதுவும் சரிதான். 90-க்கு மேல் இருந்தால் கொஞ்சம் சர்க்கரையும் கொஞ்சம் எண்ணெயும் சேர்த்த வழக்கமான 'க்ரீமி' வகை. 80-களில் வந்தால் இனிப்பு தூக்கலாக இருக்கும். 70-க்குக் கீழே போனால், நீங்கள் வாங்குவது கடலை போட்ட இனிப்பு. சாக்லெட் சுவையில் வருபவை பெரும்பாலும் இங்கேதான் நிற்கும்.

இந்த 90 என்ற எல்லைக்குப் பின்னால் ஒரு பழைய வழக்கு இருக்கிறது. அமெரிக்காவில் 1950-களில் கம்பெனிகள் கடலையைக் குறைத்து, விலை மலிவான வேறு எண்ணெயைக் கூட்டிக்கொண்டே போயின. 1959-இல் அங்குள்ள உணவு மருந்து நிர்வாகம் இதற்கு ஒரு வரையறை கொண்டுவரப் பார்த்தது. 90 சதவீதம் கடலை வேண்டும் என்றது அரசுத் தரப்பு, 87 போதும் என்றன கம்பெனிகள். மூன்று சதவீதத்துக்காக விசாரணை, மேல்முறையீடு என்று பத்து வருடங்களுக்கு மேல் இழுத்து, 1971-இல்தான் 90 என்பது நடைமுறைக்கு வந்தது. அதற்குக் குறைந்தால் அங்கே 'பீனட் பட்டர்' என்று பெயர் போட முடியாது, 'ஸ்ப்ரெட்' என்றுதான் போட வேண்டும். நம் ஊர்க் கடை அலமாரியிலும் 'ஸ்ப்ரெட்' என்ற சொல்லைப் பார்த்தால் கொஞ்சம் நின்று, எண்ணைப் பாருங்கள். பெயரை மட்டும் நம்ப வேண்டாம். 'பட்டர்' என்று எழுதிய பாட்டிலில் 75-ம், 'ஸ்ப்ரெட்' என்று எழுதியதில் 95-ம் நான் பார்த்திருக்கிறேன்.

சதவீதமே போடாத பாட்டிலும் கண்ணில் படும். அப்போது புரதத்தை வைத்து ஒரு தோராயக் கணக்குப் போடலாம். வறுத்த கடலையில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 25 கிராம் புரதம் இருக்கும். லேபிளில் 20 என்றிருந்தால், 20-ஐ 25-ஆல் வகுத்தால் 80 சதவீதம் கடலை. கடலை ரகத்துக்கு ரகம் புரதம் மாறுவதால் இதில் ஐந்து சதவீதம் முன்னே பின்னே இருக்கும். சில கம்பெனிகள் வெறும் கடலைக்கே 28, 30 என்று போடுகின்றன. 'ஹை புரோட்டீன்' வகையில் பால் புரதமோ சோயாவோ சேர்த்திருப்பார்கள். அங்கே இந்தக் கணக்கு உதவாது.

இரண்டாம் படி: எண்ணெயைக் கண்டுபிடிப்பது

கடலையில் பாதிக்குப் பாதி எண்ணெய்தான். 100 கிராமுக்கு சுமார் 49 கிராம். அரைத்து வைத்தால் மாவு அடியில் இறங்கும், எண்ணெய் மேலே வரும். நம் ஊர் வெயிலுக்கு இது இன்னும் சீக்கிரம் நடக்கும். கடைக்காரருக்கு இது தலைவலி, ஏனென்றால் என்னைப் போன்ற ஆட்கள் கெட்டுப்போனது என்று திருப்பிக் கொண்டுவந்து தருவார்கள். அதனால் கம்பெனிகள், சாதாரண வெப்பநிலையில் உறைந்து நிற்கும் ஒரு கொழுப்பைக் கொஞ்சம் கலக்கின்றன. அந்தக் கொழுப்பு உறையும்போது கடலை எண்ணெயைத் தன் வலைக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும். வழவழப்பின் ரகசியம் அவ்வளவுதான்.

லேபிளில் இது மூன்று வேஷத்தில் வரும். ஒன்று, 'எடிபிள் வெஜிடபிள் ஆயில்', அடைப்புக்குறிக்குள் 'பாம்'. இரண்டு, 'ஹைட்ரஜனேட்டட் வெஜிடபிள் ஆயில்', அதாவது ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கிய எண்ணெய். மூன்று, 'ஸ்டெபிலைசர்' அல்லது 'எமல்சிஃபையர்' என்று எழுதிப் பக்கத்தில் ஐஎன்எஸ் 471 என்ற எண். கடைசியாகச் சொன்னது கொழுப்பிலிருந்தே செய்யும் ஒரு பொருள், மிகக் குறைந்த அளவில்தான் இருக்கும். அது ஒன்றைப் பார்த்து பயந்து பாட்டிலைத் திரும்ப வைக்கத் தேவையில்லை.

பாமாயிலும் ஹைட்ரஜனேட்டட் எண்ணெயும் வேறு வேறு. முழுக்க ஹைட்ரஜனேட் செய்த கொழுப்பு மிகவும் கெட்டியானது என்பதால் ஒன்றிரண்டு சதவீதம் போட்டாலே எண்ணெய் பிரியாது. பாமாயிலில் பாதிதான் சாச்சுரேட்டட் கொழுப்பு, அதாவது எளிதில் உறையும் வகை, என்பதால் அதே வேலைக்குக் கூடுதலாகப் போட வேண்டும். 'பாம் ஆயில் இல்லை' என்று பெருமையாக எழுதிய பாட்டிலில் ஹைட்ரஜனேட்டட் எண்ணெய் இருக்கலாம், அதையும் பாருங்கள். பாதியில் நிறுத்திய ஹைட்ரஜனேஷனில்தான் டிரான்ஸ் கொழுப்பு உருவாகும். 2022 ஜனவரியிலிருந்து உணவில் உள்ள எண்ணெய், கொழுப்பில் அது 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று இந்தியாவில் வரம்பு இருக்கிறது. சத்து அட்டவணையில் டிரான்ஸ் ஃபேட் வரியில் பூஜ்யம் இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகலாம்.

எவ்வளவு எண்ணெய் சேர்த்திருக்கிறார்கள் என்று எப்படித் தெரிந்துகொள்வது? பலரும் 'டோட்டல் ஃபேட்' வரியைப் பார்ப்பார்கள். அது இந்த விஷயத்தில் ஒன்றுமே சொல்லாது. கடலையைக் குறைத்து, சர்க்கரையையும் எண்ணெயையும் சேர்த்தால் மொத்தக் கொழுப்பு ஏறக்குறைய அதே 47, 48-இல்தான் வந்து நிற்கும். அதற்குக் கீழே உள்ள 'சாச்சுரேட்டட் ஃபேட்' வரிதான் காட்டிக்கொடுக்கும். வெறும் கடலையில் அது 100 கிராமுக்கு ஏறத்தாழ 7 கிராம். 8 வரை இருந்தால் இயல்பு. 9, 10 என்று ஏறினால் வெளியிலிருந்து கொழுப்பு வந்திருக்கிறது என்று அர்த்தம்.

'லோ ஃபேட்' வகையைப் பற்றி ஒரு வார்த்தை. கொழுப்பைக் குறைத்த இடத்தில் பெரும்பாலும் சர்க்கரையோ மால்டோடெக்ஸ்ட்ரினோ வந்து உட்கார்ந்திருக்கும். கலோரியில் பெரிய வித்தியாசம் இருக்காது. நான் வாங்குவதில்லை.

மூன்றாம் படி: சர்க்கரை

கடலையிலேயே 100 கிராமுக்கு 4 முதல் 5 கிராம் இயற்கைச் சர்க்கரை உண்டு. அதனால் '100 சதவீதம் கடலை' பாட்டிலில் 'டோட்டல் சுகர்ஸ் 4.5' என்று பார்த்ததும் ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். பார்க்க வேண்டியது அதற்கு அடுத்த வரி, 'ஆடட் சுகர்ஸ்'. இனிப்பு சேர்க்காததில் அது பூஜ்யமாக இருக்கும். வழக்கமான க்ரீமி வகையில் 6 முதல் 10 வரை வரும், சாக்லெட் வகையில் 20-ஐத் தாண்டும்.

இங்கே இரண்டு வித்தைகளைக் கவனிக்க வேண்டும். ஒன்று, சர்க்கரையைப் பிரித்து எழுதுவது. சர்க்கரை கொஞ்சம், வெல்லம் கொஞ்சம், தேன் கொஞ்சம் என்று போட்டால் ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே போய்விடும். மூன்றையும் கூட்டினால் இரண்டாம் இடத்துக்கு வந்திருக்கும். 'வெல்லம் சேர்த்தது' என்பதை ஏதோ மருந்து மாதிரி முன்பக்கத்தில் போடுகிறார்கள். வெல்லமும் சர்க்கரைதான், ருசி வேண்டுமானால் வேறு.

இரண்டு, மால்டோடெக்ஸ்ட்ரின். இது மாவுச்சத்தை உடைத்துச் செய்வது. சர்க்கரை வரியில் பெரும்பாலும் காட்டாது, ஆனால் உடம்பில் சர்க்கரை போலவே சீக்கிரம் ஏறும். வீட்டில் சுகர் உள்ளவர்கள் இருந்தால் பொருட்கள் வரியில் இந்தச் சொல்லைத் தேடுங்கள். 'கார்போஹைட்ரேட்' வரியும் துப்புக் கொடுக்கும். வெறும் கடலையில் அது 16-இலிருந்து 22 வரைதான் இருக்கும். 30-ஐத் தொட்டால் ஏதோ சேர்ந்திருக்கிறது.

எண்களை எப்போதும் '100 கிராமுக்கு' என்ற பத்தியில்தான் பார்க்க வேண்டும். பக்கத்தில் 'ஒரு சர்விங்குக்கு' என்று இன்னொரு பத்தி இருக்கும். ஒரு கம்பெனி சர்விங் என்று 32 கிராமைச் சொல்லும், இன்னொன்று 15 கிராமைச் சொல்லும். 15 கிராம்காரரின் சர்க்கரை எண் சின்னதாகத் தெரியாமல் எப்படித் தெரியும்?

ஒரு பாட்டிலை முழுதாகக் கணக்குப் போடுவோம்

சொன்னதையெல்லாம் ஒரே பாட்டிலில் வைத்துப் பார்க்கலாம். நடுத்தர ரக க்ரீமி பீனட் பட்டர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 340 கிராம், விலை 170 ரூபாய். பொருட்கள் வரியில் ரோஸ்டட் பீனட்ஸ் 88 சதவீதம், பிறகு சர்க்கரை, எடிபிள் வெஜிடபிள் ஆயில் (பாம்), உப்பு, ஐஎன்எஸ் 471. அட்டவணையில் 100 கிராமுக்கு புரதம் 22, மொத்தச் சர்க்கரை 11, சேர்த்த சர்க்கரை 7, சாச்சுரேட்டட் கொழுப்பு 8.5, சோடியம் 400 மில்லிகிராம்.

முதலில் 88 என்பது உண்மையா என்று பார்ப்போம். 22-ஐ 25-ஆல் வகுத்தால் 88. பொருந்துகிறது. அடுத்து சர்க்கரை. 88 கிராம் கடலையிலிருந்து இயற்கையாக வருவது 4 கிராம், அதோடு சேர்த்த 7 கிராம், ஆக 11. இதுவும் பொருந்துகிறது. உப்புக்கு, சோடியத்தை இரண்டரையால் பெருக்க வேண்டும். 400 மில்லிகிராம் என்றால் ஒரு கிராம் உப்பு.

இப்போது எண்ணெய். கடலை 88, சர்க்கரை 7, உப்பு 1, கூட்டினால் 96. மிச்சம் 4 கிராம். எண்ணெயும் எமல்சிஃபையரும் சேர்ந்து அவ்வளவுதான் இருக்க முடியும். சாச்சுரேட்டட் கொழுப்பை வைத்தும் ஒரு முறை சரிபார்க்கலாம். 88 கிராம் கடலையிலிருந்து வருவது சுமார் 6.2. லேபிளில் 8.5 இருக்கிறது. கூடுதலாக வந்தது 2.3. பாமாயிலில் பாதி சாச்சுரேட்டட் என்பதால் 2.3-ஐ இரட்டித்தால் ஏறத்தாழ 4.6. கழித்துப் பார்த்ததற்கும் இதற்கும் கொஞ்சம்தான் வித்தியாசம். ஆக, லேபிள் நேர்மையாகத்தான் இருக்கிறது, சேர்த்த பாமாயில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 4 கிராம். இதே 2.3 முழு ஹைட்ரஜனேட்டட் கொழுப்பிலிருந்து வந்திருந்தால் இரட்டிக்கத் தேவையில்லை, அது கிட்டத்தட்ட முழுக்க சாச்சுரேட்டட்தான்.

இது மோசமான பாட்டிலா? என்னைக் கேட்டால், இல்லை. ஒரு நாளைக்கு ஒரு ஸ்பூன் தடவிக்கொள்ளும் பிள்ளைக்கு ஒரு கிராம் சர்க்கரையும் அரை கிராம் பாமாயிலும் போகும். ஆனால் ஜிம்முக்குப் போய்விட்டு வந்து புரதத்துக்காக ஒரு நாளைக்கு நாலைந்து ஸ்பூன் சாப்பிடும் ஆளுக்கு இது சரிப்படாது. அவர் வெறும் கடலை வகைக்குப் போவதுதான் சரி. கலோரி இரண்டிலும் 100 கிராமுக்கு 600 பக்கம்தான் என்பதை அவரும் மறந்துவிடக் கூடாது.

நான்காம் படி: கடலைக்கு என்ன விலை கொடுக்கிறோம்

எம்ஆர்பி பக்கத்தில் இப்போது 'யூனிட் சேல் பிரைஸ்' என்று ஒன்றைப் பொடி எழுத்தில் அச்சிடுகிறார்கள். ஒரு கிலோவுக்குக் குறைந்த பாக்கெட்டில் அது ஒரு கிராமுக்கு எவ்வளவு என்று இருக்கும். நமது 340 கிராம் பாட்டிலில் கிராமுக்கு 50 காசு. 100-ஆல் பெருக்கினால், 100 கிராமுக்கு 50 ரூபாய். கடை தள்ளுபடியில் கொடுத்தால் இந்த எண் பொருந்தாது, பில் விலையை வைத்து நாமே வகுத்துக்கொள்ள வேண்டும்.

பெரும்பாலானோர் இங்கே நிறுத்திவிடுவார்கள். இன்னும் ஒரு வகுத்தல் பாக்கி இருக்கிறது. அந்த 50 ரூபாயை 0.88-ஆல் வகுத்தால் 57 ரூபாய் வரும். 100 கிராம் கடலைக்கு நீங்கள் உண்மையில் கொடுப்பது அதுதான். பாட்டிலில் இருக்கும் சர்க்கரை மொத்தம் 24 கிராம், மளிகைக் கடையில் அதன் விலை ஒரு ரூபாய் சொச்சம். அதைக் கடலை விலைக்கு வாங்கியிருக்கிறோம்.

இனிப்பு சேர்க்காத ஒரு கிலோ பாட்டில் 460 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கையில் எடுத்ததும் விலை அதிகமாகத் தெரியும். 100 சதவீதம் கடலை என்பதால் 100 கிராமுக்கு 46 ரூபாய். க்ரீமியைவிட 11 ரூபாய் குறைவு. அதே கடையில் சாக்லெட் பீனட் ஸ்ப்ரெட், 340 கிராம் 190 ரூபாய், கடலை 62 சதவீதம் என்றால், 100 கிராம் 56 ரூபாய் மாதிரித் தெரியும். 0.62-ஆல் வகுத்தால் 90 ரூபாய்க்கு வந்து நிற்கும். இந்த விலைகள் ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும், கணக்கு மாறாது.

ஒரு கிலோ பாட்டில்தான் மலிவு என்றாலும், இரண்டு பேர் இருக்கும் வீட்டில் வாரம் இரண்டு முறைதான் எடுப்பார்கள் என்றால் சின்னதையே வாங்குங்கள். மூன்று மாதம் திறந்து மூடி, கடைசிக் கால் கிலோ சிக்குப் பிடித்துக் குப்பைக்குப் போனால், அந்த 46 ரூபாய் 61 ஆகிவிடும்.

பாதாம், முந்திரி, ஹேசல்நட் வகைகள்

இங்கே விலை ஏறுவதால் ஏமாற்றுக்கும் இடம் கூடுதல். முன்பக்கத்தில் பெரிய பாதாம் படம், 'ஆல்மண்ட் ஸ்ப்ரெட்' என்ற பெயர். திருப்பினால் முதலில் பீனட்ஸ், பிறகு சர்க்கரை, அதற்குப் பிறகுதான் பாதாம் 15 சதவீதம் என்று இருக்கும். கடலை மலிவு என்பதால் எந்தப் பருப்பு வெண்ணெயையும் நீட்டிக் கலக்க அதுதான் கைக்கு வரும். எனவே இந்த வகையில் பருப்புகளின் மொத்தச் சதவீதத்தைப் பார்ப்பதோடு விடாமல், நீங்கள் காசு கொடுக்கும் அந்தப் பருப்பு எத்தனை சதவீதம் என்று தனியாகப் பாருங்கள். உண்மையான பாதாம் வெண்ணெயில் சாச்சுரேட்டட் கொழுப்பு 4 கிராம் பக்கம்தான் இருக்கும். 7, 8 என்று இருந்தால் கடலையோ பாமாயிலோ உள்ளே இருக்கிறது. முந்திரியில் இந்தச் சோதனை வேலை செய்யாது, அதன் சொந்தச் சாச்சுரேட்டட் கொழுப்பே 8 கிராம் பக்கம் வரும். முந்திரியில் மாவுச்சத்தும் அதிகம் என்பதால் கார்போஹைட்ரேட் 30-ஐத் தாண்டுவதும் இயல்பு.

ஹேசல்நட் கோகோ ஸ்ப்ரெட்டை இந்தக் குடும்பத்தில் சேர்க்கலாமா என்பதே சந்தேகம். எல்லோருக்கும் தெரிந்த நுட்டெல்லாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பொருட்கள் வரியில் முதலில் இருப்பது சர்க்கரை, இரண்டாவது பாமாயில், ஹேசல்நட் 13 சதவீதம். ஐரோப்பிய லேபிளில் 100 கிராமுக்குச் சர்க்கரை 56 கிராம். அவர்கள் எதையும் மறைக்கவில்லை, லேபிளில் அப்படியே இருக்கிறது. பருப்பு சாப்பிடுகிறான் பிள்ளை என்று நாம்தான் தப்பாக நினைத்துக்கொள்கிறோம். 15 கிராம் ஸ்பூனில் 8 கிராமுக்கு மேல் சர்க்கரை, அதாவது இரண்டு டீஸ்பூன். சாக்லெட் என்று நினைத்து வாங்கினால் சரியாக இருக்கும்.

வீட்டில் யாருக்காவது கடலை அலர்ஜி இருந்தால், பாதாம், முந்திரி பாட்டிலிலும் அலர்ஜி வரியைப் படிக்காமல் வாங்காதீர்கள். ஒரே மிஷினில் எல்லாவற்றையும் அரைக்கும் இடங்கள் நிறைய. நாய் வளர்ப்பவர்கள், சர்க்கரைக்குப் பதில் சைலிட்டால் சேர்த்திருக்கிறதா என்று பாருங்கள். நாய்க்கு அது விஷம்.

கடைப் பாட்டிலே வேண்டாம் என்றால்

இந்தக் கணக்கெல்லாம் போட்டுப் பார்த்தவர்கள் ஒரு கட்டத்தில் மிக்ஸி பக்கம் திரும்பிவிடுவார்கள். நான் வாங்கும் கடையில் தோல் நீக்காத பச்சைக் கடலை கிலோ 150 ரூபாய். வறுத்து, தோல் நீக்கினால் ஈரமும் தோலும் போய் 900 கிராம் பக்கம் நிற்கும். 100 கிராமுக்கு 17 ரூபாய் ஆகிறது, கேஸும் கரண்டும் தனி.

சுருங்கியது, கறுத்தது, பூசணம் பிடித்தது எல்லாவற்றையும் வறுப்பதற்கு முன்பே பொறுக்கி எறிந்துவிடுங்கள். பூஞ்சையால் வரும் அஃப்ளாடாக்சின் நச்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது. பிறகு அடிகனமான வாணலியில் மிதமான தீயில், தோல் வெடித்து பருப்பு இளம் பொன்னிறம் ஆகும்வரை விடாமல் கிளறுங்கள். இதில் அவசரப்பட்டால் வெளியே கருகி உள்ளே பச்சை வாசம் நிற்கும், அரைத்தபின் அது கசப்பாகத் தெரியும். ஆறியதும் துணியில் போட்டுத் தேய்த்துப் புடைத்தால் தோல் பறந்துவிடும்.

மிக்ஸியில் ஒரு தடவைக்கு 250 கிராம் போதும். முதலில் பொடியாகும். அடுத்து உருண்டு திரண்டு, பிளேடு சுற்றினாலும் ஒன்றும் நடக்காத மாதிரி நிற்கும். முதல் தடவை செய்பவர்கள் இந்த இடத்தில்தான் பொறுமை இழந்து தண்ணீரோ எண்ணெயோ ஊற்றுவார்கள். தண்ணீர் ஒரு சொட்டுகூடக் கூடாது, விழுந்தால் கெட்டிப்படும், சீக்கிரம் கெட்டும் போகும். எண்ணெயும் தேவையில்லை. ஒரு நிமிடம் ஓட்டி, ஓரத்தை வழித்துவிட்டு, மோட்டார் ஆற இரண்டு நிமிடம் விட்டு மறுபடி ஓட்டுங்கள். ஐந்தாறு தடவைக்குள் கடலை தன் எண்ணெயை விட்டு, திடீரென்று இளகி, ஜாரில் அலையடிக்கத் தொடங்கும். உப்பை அப்போது போடுங்கள்.

இதுவும் சரி, கடையில் வாங்கிய 100 சதவீத வகையும் சரி, எண்ணெய் மேலே வந்தால் வடிக்காதீர்கள். வாங்கி வந்ததும் மூடியை இறுக்கி ஒரு நாள் தலைகீழாக வைத்துவிட்டால் எண்ணெய் மறுபக்கம் போகும்போது பாதி வேலை தானாக நடக்கும். பிறகு ஸ்பூனைவிட ஒரு மேசைக்கத்தியை நட்டுக்குத்தலாக அடிவரை இறக்கிக் கிளறுவது சுலபம். கலந்ததும் ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுபடி லேசில் பிரியாது, கொஞ்சம் கெட்டியாக இருக்கும். வெளியிலேயே வைப்பதானால் மாதக் கணக்கில் வைக்காதீர்கள். கெட்டதா என்று பார்க்க மேலே நிற்கும் எண்ணெயை வைத்து முடிவு செய்யக் கூடாது, மூக்கைக் கேளுங்கள். பழைய பலகாரம் செய்த எண்ணெயின் சிக்கு வாடையும் நாக்கின் பின்பக்கத்தில் ஒரு கசப்பும் வந்தால் தூக்கிப் போடலாம். நல்ல வறுகடலை வாசம் வந்தால், விரல் உயரம் எண்ணெய் நின்றாலும் கத்தியை எடுத்துக் கிளறுங்கள்.